அனைத்துக்கடத்திக் கட்டப் பெயர்ப்பி

அனைத்துக்கடத்திக் கட்டப் பெயர்ப்பி (ஆல்-பாஸ் ஃபேஸ் ஷிஃப்டர்) என்பது சைன் அலையின் வீச்சை மாற்றாமல் அதன் கட்டத்தை மட்டும் நகர்த்தும் மின்னணுச் சுற்று ஆகும். ஒரு செயல்பாட்டுப் பெருக்கி (ஆப்-ஆம்ப்), மூன்று மின்தடையங்கள், ஒரு மின்தேக்கி ஆகியவற்றால் இதனை அமைக்கலாம். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கட்டம் எத்தனை பாகை நகரும் என்பதை R, C ஆகிய இரு மதிப்புகளே முடிவு செய்கின்றன.

## சுற்றின் அமைப்பு

உள்ளீட்டு மின்னழுத்தம் இரு வழிகளில் செல்கிறது. ஒரு வழியில் R1 என்ற மின்தடையம் அதனைப் பெருக்கியின் புரட்டும் உள்ளீட்டுடன் (−) இணைக்கிறது. அதே மதிப்புள்ள R2 வெளியீட்டிலிருந்து அந்த முனைக்குத் திரும்புகிறது. மற்றொரு வழியில் R என்ற மின்தடையம் புரட்டா உள்ளீட்டுக்கு (+) செல்கிறது. அந்த முனைக்கும் தரைக்கும் இடையே மின்தேக்கி C உள்ளது.

R1, R2 சமமாக இருக்கும்போது வெளியீடு பின்வருமாறு அமையும். இதில் Vp என்பது புரட்டா உள்ளீட்டின் மின்னழுத்தம்.

```
Vout = 2·Vp − Vin
θ = −2 · arctan(2π f R C)
```

எதிர்க்குறி, வெளியீடு உள்ளீட்டை விடப் பின்தங்குவதைக் காட்டுகிறது. R, C இரண்டையும் இடம் மாற்றினால் வெளியீடு முந்தும். அப்போது கோணம் 180° − 2·arctan(2πfRC) ஆகும்.

## கோணம் இரட்டிப்பாவது ஏன்?

தனியான RC சுற்றில் பின்தங்கும் கோணம் arctan(2πfRC) மட்டுமே. இங்கு 2 என்ற எண் வரக் காரணத்தைப் பள்ளி வடிவியலைக் கொண்டே காணலாம். Vin-ஐ விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைக. மின்தடையத்தின் மின்னழுத்தமும் மின்தேக்கியின் மின்னழுத்தமும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. எனவே Vp-யின் முனை எப்போதும் இவ்வட்டத்தின் மீதே இருக்கும். 2·Vp − Vin என்பது வட்டத்தின் மையத்திலிருந்து அம்முனைக்கு வரையும் ஆரத்தின் இரு மடங்கு. ஆரம் மாறாததால் வெளியீட்டின் வீச்சும் மாறாது. வட்டத்தின் மையத்தில் அமையும் கோணம் பரிதியில் அமையும் கோணத்தின் இரு மடங்கு என்பதால், கட்டப் பெயர்ச்சியும் இரட்டிப்பாகிறது.

## கணக்கீட்டு எடுத்துக்காட்டு

R = 15 கிலோஓம், C = 10 நானோபாரட், அதிர்வெண் 1000 ஹெர்ட்சு எனக் கொள்வோம்.

```
2π f R C = 6.2832 × 1000 × 15000 × 0.00000001 = 0.942
arctan(0.942) = 43.3°
θ = −2 × 43.3° = −86.6°
```

ஒரு முழு அலையின் காலம் 1 மில்லிநொடி. அதில் 86.6/360 பங்கு சுமார் 0.24 மில்லிநொடி. அலைகாட்டியில் (ஆசிலோஸ்கோப்) இரு அலைகளையும் ஒருங்கே பார்த்தால் வெளியீடு இவ்வளவு நேரம் தாமதமாக வருவதை அளக்கலாம். அதே உறுப்புகளுடன் அதிர்வெண் 500 ஹெர்ட்சாக இருந்தால் பின்தங்கல் 50.5° ஆகும், 2000 ஹெர்ட்சில் 124.1° ஆகும். எனவே அதிர்வெண்ணைக் குறிப்பிடாமல் "இது 90° நகர்த்தும் சுற்று" என்று மட்டும் கூறுவது பொருளற்றது.

வேண்டிய கோணம் முன்பே தெரிந்திருந்தால், சூத்திரத்தைத் திருப்பி R-ஐக் காணலாம். இங்கு θ-வின் அளவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

```
R = tan(θ/2) / (2π f C)
```

மேற்கண்ட மின்தேக்கியுடன் 1000 ஹெர்ட்சில் 60° பெற 9.19 கிலோஓம், 90° பெற 15.9 கிலோஓம், 120° பெற 27.6 கிலோஓம் தேவை. 170° பெற ஏறத்தாழ 182 கிலோஓம் வேண்டும். R எவ்வளவு பெரிதானாலும் 180°-ஐ எட்ட முடியாது. அந்த அளவு தேவைப்பட்டால் தலா 90° தரும் இரு சுற்றுகளை அடுத்தடுத்து இணைக்கலாம்.

## பிழைகளும் வரம்புகளும்

மின்தேக்கியின் மதிப்பு அச்சிட்ட அளவிலிருந்து 10% வரை விலகுவது இயல்பு. எடுத்துக்காட்டில் C உண்மையில் 9 நானோபாரட் என்றால் பின்தங்கல் 80.6°, 11 நானோபாரட் என்றால் 92.1°. துல்லியம் தேவையெனில் R-இன் ஒரு பகுதியாக மாறு மின்தடையத்தை இட்டுச் சரிசெய்வர்.

R1, R2 சமமாக இல்லாவிட்டால் வீச்சு மாறத் தொடங்கும். குறைந்த அதிர்வெண்ணில் பெருக்கம் 1 ஆகவே இருப்பதால், அங்கு மட்டும் சோதித்தால் இக்குறை தெரியாது. உயர் அதிர்வெண்ணில் பெருக்கம் R2/R1 ஆகிறது. அதாவது R2 5% கூடுதலாக இருந்தால் வெளியீடும் 5% கூடும். அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தி, வெளியீட்டின் உயரம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே உரிய சோதனை.

பெருக்கியும் தன் பங்கிற்குச் சிறிது தாமதத்தைச் சேர்க்கும். ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்சு ஓரலகுப் பெருக்கப் பட்டையகலம் கொண்ட 741 பெருக்கியில் இது 1 கிலோஹெர்ட்சில் சுமார் 0.1° மட்டுமே. ஆனால் 50 கிலோஹெர்ட்சில் 6° அளவுக்கு உயரும். அங்கு சூத்திரம் தரும் விடைக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு R, C மட்டும் காரணமல்ல.