ஏழு நாள், ஒரே நரம்புப் பாதை

முதலாண்டு மருத்துவ மாணவர்களின் உடற்கூறியல் செய்முறைத் தேர்வில் மூளைக்கென்று தனி மேசை ஒன்று இருக்கும். ஃபார்மலினில் பதப்படுத்திய மூளையை வில்லை வில்லையாக வெட்டித் தட்டுகளில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஏதோ ஓரிடத்தில் கொடி கட்டிய குண்டூசி குத்தியிருக்கும். அது எந்தப் பாகம், அதன் வேலை என்ன என்று ஓரிரு நிமிடத்தில் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த தட்டுக்கு நகர வேண்டும். மாணவர்கள் இதை ‘ஸ்பாட்டர்’ என்பார்கள். இது போக, மூளைத்தண்டின் குறுக்குவெட்டு ஒன்றை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வார்கள்.

படிக்க வேண்டிய வெட்டுகள் அதிகமில்லை. நடுக்கோட்டில் நெடுக வெட்டியது ஒன்று, கிடைமட்டமாக வெட்டியது ஒன்று, முகத்துக்கு இணையாக வெட்டிய கொரோனல் இரண்டு, மிட்பிரெயினில் இரண்டு, பான்ஸில் இரண்டு, மெடுல்லாவில் மூன்று. ஒரு வாரம் இதற்குத் தாராளமாகப் போதும். ஆனாலும் நான்காம் நாளில் எல்லாம் குழம்பிவிடுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்வதுதான் காரணம். என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு நரம்புப் பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதன் கூடவே மேலிருந்து கீழே இறங்குங்கள். கை கால்களை அசைக்கச் சொல்லும் கட்டளை பெருமூளையின் மேற்பரப்பில் கிளம்பித் தண்டுவடத்துக்குப் போகும் கார்டிகோஸ்பைனல் பாதை அது. மேற்சொன்ன வெட்டுகளில் அநேகமாக எல்லாவற்றையும் அது கடந்து போகிறது.

முதல் நாள் வெட்டுகளைத் தொட வேண்டாம். முழு மூளையைக் கையில் வைத்து, பாதை தொடங்கும் இடமான ப்ரீசென்ட்ரல் மேட்டைக் கண்டுபிடியுங்கள். மீதி நேரத்தை மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் வென்ட்ரிக்கிள் என்ற அறைகளுக்குக் கொடுங்கள். பெருமூளையின் இரு பாதிகளிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய அறைகள். இரண்டு தலாமஸ்களுக்கு நடுவே சந்துபோல மூன்றாவது. அதற்குக் கீழே மிட்பிரெயினில் மிகக் குறுகிய கால்வாய். பான்ஸுக்கும் மெடுல்லாவின் மேல்பாதிக்கும் பின்னால் அகன்று விரியும் நான்காவது. மெடுல்லாவின் கீழ்ப்பாதியில் அது மறுபடி சிறு துளையாகிவிடும். எந்த வெட்டு கைக்கு வந்தாலும் முதலில் இந்தப் பள்ளத்தைத் தேடுவது என்று இன்றே பழகிவிட வேண்டும். அதன் வடிவத்தைப் பார்த்தாலே எந்த மட்டத்தில் நிற்கிறோம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள் முழுவதும் கிடைமட்ட வெட்டு ஒன்றுக்கே. இது அதிகம் என்று மாணவர்களுக்குத் தோன்றும். ஆனால் ஸ்பாட்டர் மேசையில் இந்த வெட்டு இல்லாமல் இருப்பது அபூர்வம், குழப்புவதும் இதுதான். நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக நடந்து பாருங்கள். முதலில் மூன்றாவது வென்ட்ரிக்கிளின் சந்து. அதை ஒட்டி முட்டை வடிவத்தில் தலாமஸ். தலாமஸுக்கு முன்னால், பக்கவாட்டு வென்ட்ரிக்கிளின் முன்கொம்புக்குள் புடைத்து நிற்பது காடேட்டின் தலை. இவற்றுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பட்டை. அதையும் தாண்டினால் லென்டிஃபார்ம் நியூக்ளியஸ்: உள்பக்கம் வெளிறிய குளோபஸ் பாலிடஸ், வெளிப்பக்கம் கருத்த புட்டாமென். பிறகு எக்ஸ்டெர்னல் கேப்ஸ்யூல், மெல்லிய சாம்பல் கோடாகக் கிளாஸ்ட்ரம், எக்ஸ்ட்ரீம் கேப்ஸ்யூல், கடைசியில் இன்சுலா. இந்த வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நடுவில் கடந்துவந்த வெள்ளைப் பட்டைதான் இன்டெர்னல் கேப்ஸ்யூல். அது நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் மடங்கியிருக்கும். மடங்கும் முனை நடுக்கோட்டைப் பார்க்கும், அதன் பெயர் ஜீனு. முனைக்கு முன்னால் இருப்பது ஆன்டீரியர் லிம்ப், பின்னால் இருப்பது போஸ்டீரியர் லிம்ப்.

குண்டூசி இந்தப் பட்டையில் குத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இன்டெர்னல் கேப்ஸ்யூல்’ என்று மட்டும் எழுதினால் பாதிப் பதில்தான். ஊசிக்கு இரு பக்கமும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் காடேட்டின் தலையும் மறுபக்கம் லென்டிஃபார்மும் இருந்தால் ஆன்டீரியர் லிம்ப். ஒரு பக்கம் தலாமஸ் இருந்தால் போஸ்டீரியர் லிம்ப். அடையாளம் சொல்வது ஊசி நிற்கும் இடமல்ல, அதன் இரு அண்டைவீடுகள். நாம் பின்தொடரும் கார்டிகோஸ்பைனல் பாதை இறங்குவது போஸ்டீரியர் லிம்ப் வழியாக. நடு பெருமூளைத் தமனியிலிருந்து கிளம்பும் மெல்லிய கிளைகள் இந்தப் பகுதிக்கு ரத்தம் கொடுக்கின்றன. ரத்தக்கொதிப்பு நெடுநாள் கட்டுப்படாமல் இருப்பவர்களுக்கு இவை வெடித்துக் கசிவதுண்டு. உடம்பின் ஒரு பாதிக்குப் போகும் கட்டளைகளெல்லாம் இந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குவதால், சிறு கசிவுகூட எதிர்ப்பக்கத்துக் கையையும் காலையும் விழவைத்துவிடும். ஊசிக்கு அடுத்த கேள்வி பெரும்பாலும் இதைப் பற்றித்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் கொரோனல். கிடைமட்ட வெட்டில் பார்த்த அதே பாகங்கள்தான், வேறு கோணத்தில். இரண்டையும் மாற்றி எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும். பிரித்தறிய கார்பஸ் கலோசத்தைப் பாருங்கள். கிடைமட்ட வெட்டில் அது முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு என இரண்டாகத் தெரியும். கொரோனலில் மேலே ஒரே பாலமாகக் கிடக்கும், கீழே இரண்டு டெம்பொரல் மடல்களும் தனித்துத் தொங்கும். இன்டெர்னல் கேப்ஸ்யூலின் மடிப்பும் கொரோனலில் தெரியாது. மூளையின் அடியை நோக்கிச் சாய்வாக இறங்கும் பட்டையாகவே தெரியும்.

நான்காம் நாள் பாதை மூளைத்தண்டுக்குள் நுழைகிறது. இங்கே நிறம் தலைகீழாக மாறும். பதப்படுத்திய மூளையில் நரம்பிழைகள் வெள்ளையாகவும் செல்கூட்டங்கள் சாம்பலாகவும் இருந்தன அல்லவா? மூளைத்தண்டின் ஸ்லைடுகளுக்குப் பெரும்பாலும் நரம்பிழையின் மயலின் உறையைக் கருப்பாக்கும் வைகர்ட் சாயம் ஏற்றுவார்கள். அதில் இழைகள் கருப்பு, செல்கூட்டங்கள் வெளிறல். இதை நினைவில் கொள்ளாதவர்கள் பாதையை நியூக்ளியஸ் என்றும் நியூக்ளியஸைப் பாதை என்றும் எழுதிவிடுவார்கள். மிட்பிரெயினில் நம் பாதை முன்பக்கமாக இரண்டு கட்டுகளாக நிற்கும் க்ரஸ் செரிப்ரையில் இருக்கிறது. இரண்டு மட்டங்களில் எது என்று தெரிய, உள்ளே வட்டமாக ரெட் நியூக்ளியஸ் இருந்தால் மேல் மட்டம் என்று எழுதலாம். பான்ஸில் குறுக்கே ஓடும் இழைகள் பாதையைச் சிறு சிறு கட்டுகளாகச் சிதறடித்துவிடும். பான்ஸின் கீழ் மட்டத்தில் ஃபேஷியல் நரம்பு அப்டியூசன்ஸ் நியூக்ளியஸைச் சுற்றிக்கொண்டு போவதை மட்டும் தவறவிடக் கூடாது.

ஐந்தாம் நாள் மெடுல்லா. படம் வரையச் சொன்னால் பெரும்பாலும் நடுமட்டத்து ஆலிவ் வழியாகப் போகும் வெட்டைத்தான் கேட்பார்கள். ஆகவே அதை வரையும் வரிசையைக் கைக்குப் பழக்க வேண்டும். முதலில் வெளிக்கோடு, உடனே பின்பக்கம் நான்காவது வென்ட்ரிக்கிளின் அகன்ற தளம், பிறகு நடுக்கோடு. முன்பக்கம் நடுக்கோட்டின் இரு புறமும் பிரமிடு. சிதறிய கட்டுகள் இங்கே மறுபடி ஒன்றுசேர்ந்திருக்கின்றன. பிரமிடுக்குப் பின்வெளிப்புறமாக, கசங்கிய சுருக்குப்பைபோல இன்ஃபீரியர் ஆலிவ். பையின் வாய் நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும். பலரும் அதை வெளிப்பக்கம் திருப்பி வரைந்து மதிப்பெண்ணை விடுகிறார்கள். இரண்டு ஆலிவ்களுக்கும் நடுவே செங்குத்தாக மீடியல் லெம்னிஸ்கஸ். தளத்துக்கு அடியில், நடுக்கோட்டை ஒட்டி ஹைப்போகுளோசல் நியூக்ளியஸ், அதற்கு வெளிப்பக்கம் வேகஸின் நியூக்ளியஸ். ஹைப்போகுளோசல் இழைகள் பிரமிடுக்கும் ஆலிவுக்கும் இடையே வெளியேறும். அந்தக் கோட்டைப் போட்டுவிட்டால் மற்றவை தாமாக இடத்தில் உட்காரும். பெயர்க்கோடுகள் கிடைமட்டமாக, ஒன்றையொன்று வெட்டாமல் வலப்பக்கத்தில் முடியட்டும். ரெக்கார்டு நோட்டில் மணிக்கணக்காக நிழல் தீட்டுவதால் ஒரு பயனும் இல்லை. தேர்வில் பார்ப்பது இடம் சரியா என்பதைத்தான்.

அதற்கும் கீழ் மட்டத்தில் வென்ட்ரிக்கிள் சிறு துளையாகிவிடும், பிரமிடுகளின் இழைகளில் பெரும்பகுதி நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும். இரண்டாம் நாள் பார்த்த கசிவு ஏன் எதிர்ப்பக்கத்தை விழவைக்கிறது என்பதற்கான விடை இந்த வெட்டில் இருக்கிறது.

ஆறாம் நாள் அதே வெட்டுகளில் கீழிருந்து மேலே ஏறுங்கள், இந்த முறை தொடுவுணர்வைச் சுமக்கும் மீடியல் லெம்னிஸ்கஸுடன். மெடுல்லாவில் செங்குத்தாக நின்றது பான்ஸில் கிடைமட்டமாகப் படுக்கும், மிட்பிரெயினில் வெளிப்பக்கம் ஒதுங்கும், தலாமஸில் முடியும்.

முதல் நாளுக்கு அடுத்த ஒவ்வொரு காலையும் ஒரு வேலை உண்டு. முந்தைய நாள் படத்தைப் புத்தகம் பார்க்காமல் வெள்ளைத்தாளில் வரைய வேண்டும், பிறகு ஒப்பிட்டு விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அட்லஸைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருப்பது அந்த ஐந்து நிமிட நினைவுதான்.

ஏழாம் நாள் புதிதாக எதையும் எடுக்க வேண்டாம். எல்லாப் படங்களையும் ஜெராக்ஸ் எடுத்து, பெயர்களை ஒயிட்னரால் மறைத்து, கலைத்துப் போட்டு நிரப்புங்கள். சிலவற்றைத் தலைகீழாகவும் வைத்துப் பாருங்கள். பாடநூல் படங்களில் மூளைத்தண்டின் முன்பக்கம் பொதுவாகக் கீழே இருக்கும், எம்.ஆர்.ஐ. படத்தில் மேலே இருக்கும். முடிந்தால் துறை அருங்காட்சியகத்துக்குப் போய் உண்மையான வில்லைகளையும் ஒருமுறை பாருங்கள். கத்தி சற்றுச் சாய்ந்திருந்தால் இடப்பாதி ஒரு மட்டத்தையும் வலப்பாதி இன்னொரு மட்டத்தையும் காட்டும். ஒரு பக்கம் தலாமஸ் பெரிதாக, மறுபக்கம் சிறிதாக இருக்கும். அப்படி ஒரு வில்லை தேர்வில் வந்தால் இரு பக்கத்தையும் ஒப்பிட்டு நேரத்தை விடாமல், ஊசி குத்திய பாதியை மட்டும் பார்த்து, அதன் அண்டைவீடுகளைக் கொண்டே பதில் எழுதுங்கள்.