விழுந்துகொண்டே இருக்கும் வீடு

சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைப் பார்த்ததும், அங்கே ஈர்ப்பே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய 89 சதவீதம் இருக்கிறது. பிறகு ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுகிறார்கள். காலடித் தளமும் கூடவே விழுவதால் அது பாதத்தைத் தாங்குவதில்லை.

ஒரு விநாடியில் நிலையம் சுமார் 4.3 மீட்டர் விழுகிறது. அதே விநாடியில் பக்கவாட்டில் 7.7 கிலோமீட்டர் பாய்கிறது. ஈர்ப்பு இல்லாமல் நேர்கோட்டில் போயிருந்தால், உருண்டையான பூமியைவிட்டு அதே 4.3 மீட்டர் விலகியிருக்கும். விழுந்ததும் விலகியதும் சரிக்குச் சரி. அதனால் தரை நெருங்குவதே இல்லை.

அங்கே எடை பார்க்கும் இயந்திரத்தில் நின்றால் பூஜ்யம்தான். நிறையோ மாறுவதில்லை. அதை அளக்க வீரரைச் சுருள்வில்லோடு சேர்த்து ஆட்டுவது ஒரு வழி: நிறை கூடக்கூட ஆட்டம் மெதுவாகும்.