பட்டை நீளமாக இருந்தால் மட்டும் போதுமா?

'பள்ளிக்கு எப்படி வருகிறீர்கள்?' என்று கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு வகுப்பு கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவரே பல விடைகளைத் தேர்ந்தெடுக்கலாம். முடிவு படுக்கைவாட்டுப் பட்டைகளாக வருகிறது: பேருந்து 22 (55%), சைக்கிள் 14 (35%), நடை 10 (25%), பெற்றோரின் வண்டி 8 (20%).

இதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பலரும் பட்டைகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். கேள்வியும் அதன் கீழே சிறிதாக இருக்கும் '40 responses' என்ற வரியும் போய்விடுகின்றன. உண்மையில் படத்தின் உயிரே அந்த வரிதான். 22ஐ 40ஆல் வகுத்தால்தான் 55% வரும்.

சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள்: 135. கணக்கு தப்பவில்லை, சிலர் இரண்டு விடைகளைத் தொட்டிருக்கிறார்கள். ஆகவே 55ஐயும் 35ஐயும் கூட்டி, '90% பேர் பேருந்திலோ சைக்கிளிலோ வருகிறார்கள்' என்று எழுதினால் தவறு. இரண்டையும் தொட்டவர்கள் எத்தனை பேர் என்பது படத்தில் இல்லை. பதில்கள் பதிவான விரிதாளில்தான் இருக்கும்.

நடைக்கும் வண்டிக்கும் இடையே இரண்டே பேர்தான் வித்தியாசம். அதை ஒரு முடிவாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். 'பேருந்துக் கட்டணம் குறைவு என்பதால்' போன்ற காரணமும் வேண்டாம். அதை யாரும் கேட்கவில்லையே!

அறிக்கைக்கு இவ்வளவு போதும்: 'பதிலளித்த 40 மாணவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் (22 பேர்) பேருந்தைக் குறிப்பிட்டனர். அடுத்து சைக்கிள், 14 பேர். ஒருவர் பல விடைகள் தரலாம் என்பதால் கூட்டுத்தொகை 100%ஐத் தாண்டும்.'