ராயல்டி போக மிஞ்சுவது எவ்வளவு?

டீக்கடை ஃபிரான்சைஸ் எடுக்கப் போகிறவரிடம், "மார்ஜின் 58 சதவீதம், ராயல்டி வெறும் 5 சதவீதம்" என்பார் கம்பெனி ஆள். கேட்பவர் மனத்தில் 58-ல் 5 போனால் 53 என்று கணக்கு ஓடும். ஆனால் அந்த 58 என்பது விற்பனையில் சரக்கு விலையை மட்டும் கழித்தது. வாடகை, சம்பளம், கேஸ் எதுவும் அதில் கழியவில்லை. ராயல்டி மட்டும் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மொத்த விற்பனையின் மீது எடுக்கப்படும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜிஎஸ்டி நீங்கலாக நாளொன்றுக்கு 8,000 ரூபாய் விற்கும் கடை. மாதம் 2,40,000. பால், டீத்தூள், பிஸ்கட், சமோசா எல்லாம் சேர்த்துச் சரக்குக்கு 42 சதவீதம், அதாவது 1,00,800. மாஸ்டரையும் சேர்த்து மூன்று பேர் சம்பளம் 48,000, வாடகை 25,000, கரண்ட்டும் சிலிண்டரும் 16,000, கப், வீணாகும் பால், சில்லறைச் செலவுகள் 9,000. இவ்வளவும் போக நிற்பது 41,200.

இப்போது கம்பெனியின் பங்கு. ராயல்டி 5 சதவீதம், விளம்பர நிதி 2 சதவீதம், ஆக 16,800. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மற்ற வியாபாரங்களில் இப்படிக் கட்டும் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 5 சதவீத வரியில் இயங்கும் உணவகங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதால் இது முழுச் செலவுதான். ஆக 19,824. விற்பனையில் 7 சதவீதம் என்று சொல்லப்பட்டது, கடைக்காரர் கையில் நின்ற பணத்தில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் 21,376.

போட்ட முதல் இன்னும் கணக்கில் வரவில்லை. ஃபிரான்சைஸ் கட்டணம் 4 லட்சம், வரியோடு 4,72,000. கடை அலங்காரமும் இயந்திரங்களும் 8 லட்சம். ஒப்பந்தம் ஐந்து வருடம்தான் என்றால் இந்தப் பணம் 60 மாதத்துக்குள் திரும்பியாக வேண்டும். மாதத்துக்கு 21,200. இதையும் கழித்தால் மிஞ்சுவது 176 ரூபாய். கல்லாவில் உட்காரும் முதலாளிக்குச் சம்பளம் இல்லை, கடனுக்கு வட்டி இல்லை.

சரி, எவ்வளவு விற்றால் பிழைக்கலாம்? நூறு ரூபாய் விற்றால் சரக்குக்கு 42, கம்பெனிக்கு வரியோடு 8.26 போய், ஏறக்குறைய 50 ரூபாய் நிற்கும். மாறாத செலவுகள் 98,000, முதல் திரும்ப 21,200, முதலாளியின் உழைப்புக்குக் குறைந்தது 25,000 என்று வைத்தால் மாதம் 1,44,200 தேவை. அதற்கு விற்பனை 2,90,000 ஆக வேண்டும், நாளுக்கு 9,700. ஒருவர் சராசரியாக 30 ரூபாய்க்கு வாங்கினால் தினமும் 320 பில்லுக்கு மேல். கடை போட நினைக்கும் தெருவில் வார நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நின்று, பக்கத்து டீக்கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணினால் இந்த எண் எட்டக்கூடியதா என்று தெரிந்துவிடும்.

"எங்களிடம் ராயல்டியே கிடையாது" என்று சொல்லும் கம்பெனிகளிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அவர்கள் தங்கள் பங்கைச் சரக்கு விலையில் வைத்திருக்கலாம். டீத்தூள், மசாலா, கப் எல்லாம் அவர்களிடமே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலைப்பட்டியலை வாங்கி, அதே தரத்துக்கு மொத்தக் கடையில் என்ன விலை என்று விசாரியுங்கள். நம் மாதிரிக் கடையில் 90,000-க்குக் கிடைக்கும் சரக்கைக் கம்பெனி 1,00,800-க்குக் கொடுத்தால், அந்த வித்தியாசமே விற்பனையில் 4.5 சதவீதம். பெயர் சொல்லாத ராயல்டி அது. டெலிவரி ஆப் வழியாக விற்பதிலும் இதே கவனம் வேண்டும். ஆப் கமிஷனைப் பிடித்த பிறகும் ராயல்டி முழு பில் தொகைக்கே கணக்கிடப்படுகிறதா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

விற்பனை எண்ணைக் கம்பெனி ஆள் சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கு 14 நாளாவது முன்பே ஒரு வெளிப்படை ஆவணம் தர வேண்டும். எத்தனை கடைகள் மூடின, விலகியவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதும் அதில் இருக்கும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. விசாரணையை நாமேதான் செய்ய வேண்டும். இரண்டு வருடம் தாண்டிய கடைக்காரர்கள் சிலரைக் கம்பெனியைக் கேட்காமல் நீங்களே தேடிப் போய்ப் பாருங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனையைக் காட்டச் சொல்லுங்கள். மூடியவர் ஒருவரையாவது கண்டுபிடித்துப் பேசுங்கள்.

அப்படிக் கிடைத்த விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து மேலே சொன்ன கணக்கை மறுபடி போடுங்கள். அப்போதும் உங்கள் சம்பளம் நின்றால் கையெழுத்துப் போடலாம். நிற்காவிட்டால் கட்டணத்தையோ ராயல்டியையோ குறைக்கக் கேளுங்கள். மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.