ஒரு நேரத்தில் ஒரு வழக்கு

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மின் கட்டணம் செலுத்தும் பொறுப்பு கணவருடையது. கடைசி நாள் கடந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. ஒரு பிற்பகலில் மின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. மறுநாள் மகளுக்குத் தேர்வு. நிலுவையைச் செலுத்தி, மீண்டும் விளக்கு எரிய இரவு ஒன்பது மணியாகிறது. அதுவரை மகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தாள். மனைவியின் கோபம் நியாயமானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தக் கோபம் வெளிப்பட்ட விதத்தைக் கவனிப்போம்.

"எப்பவுமே நீங்க இப்படித்தான். ஒரு நாளாவது இந்த வீட்டைப் பத்திக் கவலைப்பட்டிருக்கீங்களா?" என்கிறார் மனைவி.

"ஏன், போன வாரம் உங்கப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?" என்கிறார் கணவர்.

"அதைச் சொல்லிக் காட்டுவீங்கன்னு தெரியும். உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு என் நகையை அடகு வெச்சப்போ நான் சொல்லிக் காட்டினேனா?"

"நகைப் பேச்சை எடுக்காம உன்னால ஒரு நாளும் பேச முடியாதே!"

நான்கே பேச்சுகளில் மின் கட்டணம் காணாமல் போய்விட்டது. மாமனாரின் மருத்துவமனைச் செலவு வந்தது. நாத்தனாரின் திருமணம் வந்தது. அடகு நகை வந்தது. எதுவும் தீரவில்லை. இரண்டு மாதங்களில் அடுத்த மின் கட்டணம் வரும். அதை யார், எப்போது செலுத்துவது என்பதைப் பற்றி அன்றிரவு ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை.

இந்தச் சறுக்கல் எங்கே தொடங்கியது? முதல் வாக்கியத்தில் இருந்த "எப்பவுமே" என்ற சொல்லில். அது தவறை எல்லா நாள்களுக்கும் பொதுவாக்குகிறது. எல்லா நாள்களையும் பற்றிய ஒரு கூற்றைப் பொய்யாக்க ஒரே ஒரு எதிர்ச்சான்று போதும் என்பது தர்க்கத்தின் எளிய விதி. கணவர் செய்ததும் அதுதான். மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஒரு நாளை எடுத்துக்காட்டி, அந்தக் குற்றச்சாட்டை அவர் முறியடித்துவிட்டார். அவர் சொன்னது உண்மையும்கூட. மின் கட்டணத்துக்குப் பதில் சொல்லாமலேயே அவர் வாதத்தில் வென்றுவிட்டார்.

மிகைச் சொல்லால் உண்மையில் இழப்பு யாருக்கு என்பது இங்கே தெளிவாகிறது. நியாயம் யார் பக்கம் இருக்கிறதோ, அவருக்குத்தான் இழப்பு. "கட்டணம் கட்ட மறந்துவிட்டீர்கள்" என்பதைக் கணவரால் மறுக்க இயலாது. "எப்பவுமே இப்படித்தான்" என்பதை எளிதாக மறுக்கலாம். மறுக்க இயலாத ஒரு குறையைக் கையில் வைத்திருந்தவர், அதை மறுக்கக்கூடிய ஒன்றாகத் தாமே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்.

இன்னொரு விளைவும் உண்டு. மறந்துபோன கட்டணத்தைக் கட்ட முடியும். "இப்படிப்பட்ட மனிதர்" என்பதைத் திருத்த என்ன செய்வது? செயலைப் பற்றிய பேச்சு கேட்பவருக்குச் செய்வதற்கு ஒரு வேலையைத் தருகிறது. குணத்தைப் பற்றிய பேச்சு, தம்மைக் காத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எதையும் விட்டுவைப்பதில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதியரின் உரையாடல்களைப் படம்பிடித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். குறை சொல்வதையும் குணத்தைத் தாக்குவதையும் அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். முன்னது நடந்த ஒரு நிகழ்வைப் பற்றியது. எல்லா இல்லங்களிலும் இருப்பது. பின்னது ஆளைப் பற்றியது. குறை ஒன்று தாக்குதலாக மாற, "எப்போதும்", "ஒருபோதும்" என்ற சொற்கள் சேர்ந்தாலே போதும் என்கிறார் அவர்.

1999-இல் சிபில் கரேருடன் இணைந்து அவர் வெளியிட்ட ஆய்வில், புதுமணத் தம்பதியர் 124 இணையர் தங்களுக்குள் உள்ள ஒரு பிணக்கைப் பற்றி 15 நிமிடங்கள் பேசினர். பின்னர் ஆறு ஆண்டுகள் அவர்கள் கவனிக்கப்பட்டனர். மணவிலக்குப் பெற்றோருக்கும் சேர்ந்து வாழ்ந்தோருக்கும் இடையிலான வேறுபாடு, அந்தப் பேச்சின் முதல் மூன்று நிமிடங்களிலேயே தென்பட்டது. அது அமெரிக்கத் தம்பதியரைப் பற்றிய ஆய்வு. நம் வீடுகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும், பேச்சு தொடங்கும் விதமே அதன் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது மேலே கண்ட நான்கு வரிகளிலும் தெரிகிறது.

அந்தச் சொற்களை விட்டுவிட்டால் போதுமா? தமிழில் அது அவ்வளவு எளிதன்று. "எப்பவுமே" என்ற சொல் இல்லாமலேயே அதே பொருளைச் சொல்லும் வழிகள் நம் மொழியில் ஏராளம். "ஒரு நாளாவது செய்ததுண்டா?" என்பது கேள்வி வடிவில் இருக்கிறது, ஆனால் அது விடையை எதிர்பார்க்கும் கேள்வி அன்று, "ஒருபோதும் செய்ததில்லை" என்னும் தீர்ப்பு. "இப்படித்தான்" என்பதில் உள்ள "தான்" ஒரு நாளின் பிழையை நிரந்தரக் குணமாக்கிவிடுகிறது. "உங்க வீட்டாளுங்களே அப்படித்தானே" என்னும்போது, ஒருவரின் மறதி ஒரு குடும்பத்தின் குணமாக விரிகிறது. ஆகவே, நாக்கை மட்டும் கட்டுப்படுத்துவதில் பயனில்லை. பேசும் வாக்கியத்தில் ஒரு நாளும் ஒரு செயலும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை. அவை இருந்தால் மிகைச் சொல்லுக்கு அங்கே இடமிருக்காது.

அடுத்தது, பழைய கணக்குகள் உள்ளே நுழைவது. ஜார்ஜ் பாக் என்னும் உளவியலாளர், பீட்டர் வைடனுடன் இணைந்து 1969-இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு நல்ல உவமையைக் கையாண்டார். சிறு சிறு மனக்குறைகளை அவ்வப்போது சொல்லாமல் சாக்கு மூட்டையில் போட்டுக் கட்டிவைப்பது. ஒரு நாள் மூட்டை பிரிந்து அத்தனையும் ஒரே நேரத்தில் கொட்டுவது. அடகு நகை அந்த மூட்டையிலிருந்துதான் வந்தது. அது பொய்யான மனக்குறை அல்ல. பேசப்பட வேண்டிய நாளில் பேசப்படாததால், மின் கட்டணச் சண்டையில் ஆயுதமாக வந்து சேர்ந்தது. ஆயுதமாக வந்ததனால் அன்றும் அதற்குத் தீர்வு கிடைக்கவில்லை; மீண்டும் மூட்டைக்குள் போய்விட்டது.

எனவே, ஒரே பொருளில் நிற்பது என்றால் மற்றவற்றை விழுங்கிவிடுவது என்று பொருளன்று. அவற்றுக்கென்று தனி நாள் குறிப்பதே அதன் பொருள். நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் விசாரணைக்கு நடுவே வேறொரு வழக்கை எடுப்பதில்லை. அதற்கு வேறு எண், வேறு தேதி. அந்தத் தேதி வரும்போது அது உண்மையிலேயே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். "அதைப் பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டு மறப்பவர், அடுத்த சண்டைக்கு மூட்டை கட்டிக் கொடுக்கிறார்.

அதே இரவை இப்போது மீண்டும் பார்ப்போம்.

"நேத்தோட கரண்ட் பில் கெடு முடிஞ்சு போச்சு. இன்னிக்கு இவ மெழுகுவத்தியில படிச்சா. எனக்கு ரொம்பக் கோபமா இருக்கு. அடுத்த தடவை இது நடக்கக் கூடாது, என்ன செய்யலாம்?"

இதில் கோபம் குறையவில்லை, மறைக்கப்படவும் இல்லை. ஆனால் நாள் இருக்கிறது, செயல் இருக்கிறது, விளைவு இருக்கிறது, இறுதியில் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. இதற்குக் கணவர் எதிர்ச்சான்று தேட முடியாது. ஒருவேளை அவர், "எல்லா வேலையும் என் தலையிலதான் விழுது, உங்கப்பாவையும் நான்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று திசை திருப்பலாம். அப்போது, "அது பேச வேண்டியதுதான், ஞாயித்துக்கிழமை காலையில பேசுவோம். இப்ப பில்லை முடிச்சிடலாம்" என்பது போதுமான பதில். கட்டணத்தை வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் செலுத்தும்படி செய்வதா, பொறுப்பை மனைவி ஏற்பதா, நாள்காட்டியில் குறிப்பதா என்று தீர்மானிக்கப் பத்து நிமிடங்கள் போதும்.

குரல் ஏறி, இதயம் படபடக்கும் நிலையில் இவ்வாறு பேச இயலாமலும் போகலாம். அந்நிலையில் 20 நிமிடங்களாவது விலகியிருந்து, பிறகு தொடருமாறு காட்மன் அறிவுறுத்துகிறார். எப்போது திரும்பிப் பேசுவோம் என்பதைச் சொல்லிவிட்டு விலக வேண்டும். இல்லையெனில் அது புறக்கணிப்பாகவே தெரியும்.

இந்த முறையையும் கெடுக்க முடியும். "பார், எப்பவுமேன்னு சொல்லிட்டே!" என்று எதிராளியின் சொல்லைப் பிடித்துக்கொள்வது, பேச வேண்டியதைத் தட்டிக்கழிக்கும் புதிய உத்தி. இந்த ஒழுங்கு ஒவ்வொருவரும் தமக்கு விதித்துக்கொள்ள வேண்டியது. மற்றவர் "எப்பவுமே" என்றால், அதற்குள் இருக்கும் இன்றைய குறையைத் தேடி, "இன்னிக்கு நான் மறந்தது தப்புதான்" என்று அதற்கு மட்டும் விடை சொல்பவர் சண்டையைப் பாதியிலேயே முடித்துவிடுகிறார்.

உண்மையிலேயே ஒரு தவறு மீண்டும் மீண்டும் நடக்கிறது என்றால்? அப்போது அந்தத் தொடர்ச்சியே அன்றைய ஒரே பொருள். அங்கும் எண்ணிக்கையே வலிமை தரும். "இந்த வருஷம் ஆறு பில்லில் மூணு தாமதம்" என்பது, "எப்பவுமே" என்பதைவிடச் சிறிய சொல். ஆனால் மறுக்க முடியாத சொல்.

ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அடி, மிரட்டல், இடையறாத கட்டுப்பாடு ஆகியவை உள்ள வீட்டில், சொற்களைப் பார்த்துப் பேசும்படி பாதிக்கப்பட்டவரிடம் அறிவுரை கூறுவது அநீதி. அங்கே சிக்கல் பேச்சில் இல்லை. அத்தகைய பெண்களுக்காக 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

மற்ற வீடுகளில், சண்டை நன்றாக நடந்ததா என்பதை அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அன்றிரவு யார் வென்றார் என்பது அல்ல அது. இரண்டு மாதங்கள் கழித்து அடுத்த மின் கட்டணம் வரும்போது, அதை யார் செலுத்துவது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறதா என்பதுதான்.