விரல்கள் சொல்லும் செய்தி

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மிதிவண்டியிலிருந்து விழுந்ததால் அவனது முன்கை எலும்பு முறிந்தது. மருத்துவர் எலும்பை நேராக்கி, முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டு, அன்று மாலையே அவனை வீட்டுக்கு அனுப்பினார். இனிக் கவலையில்லை என்று பெற்றோர் எண்ணினர். ஆனால், கட்டுப் போட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது.

எலும்பு முறிந்ததும் அதைச் சுற்றியுள்ள தசைகள் வீங்கத் தொடங்குகின்றன. வீக்கம் கூடும்; ஆனால், மாவுக்கட்டு விரிந்து கொடுக்காது. இதனால் உள்ளே அழுத்தம் அதிகரித்து, இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நெருக்கப்படலாம். இரத்த ஓட்டம் குறைந்த தசை, சில மணி நேரத்திலேயே நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும்.

வீக்கத்தைக் குறைக்க, கையை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணைகளின் மீது வைக்க வேண்டும். விழித்திருக்கும்போது விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும். மாவுக்கட்டு சில நிமிடங்களில் இறுகினாலும், முழுமையாகக் காய ஏறத்தாழ இரண்டு நாள்கள் ஆகும். அதற்குள் அதை மேசை விளிம்பில் ஊன்றினால் கட்டில் பள்ளம் விழுந்து, உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும். காய்ந்த பிறகும் கட்டு நனையக்கூடாது. அரிப்பெடுத்தால் அளவுகோல் போன்றவற்றை உள்ளே விட்டுச் சொறியவும் கூடாது.

கட்டுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே, வெளியே தெரியும் விரல்களைக் கவனிக்க வேண்டும். நகத்தை மெல்ல அழுத்தினால் அது வெளுக்கும். அழுத்தத்தை எடுத்ததும் ஏறக்குறைய இரண்டு நொடிகளில் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். அடிபடாத கையின் விரல்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் புலப்படும்.

அந்தச் சிறுவன் இரண்டாம் நாள் இரவு அழுதுகொண்டே எழுந்தான். வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் வலி கூடிக்கொண்டே போனது. விரல்கள் வீங்கி, வெளுத்து, குளிர்ந்திருந்தன. எறும்பு ஊர்வதுபோல் இருப்பதாகவும் பிறகு மரத்துப்போனதாகவும் அவன் சொன்னான். தாயார் அவனது விரல்களை மெல்ல நிமிர்த்தியபோது வலி தாங்காமல் அலறினான். பெற்றோர் விடியும்வரை காத்திருக்கவில்லை. கட்டைத் தாங்களாகவே வெட்டவும் முயலவில்லை. உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு விரைந்தனர். அங்கே மாவுக்கட்டையும் அதன் அடியிலிருந்த பஞ்சுச் சுற்றையும் பிளந்து தளர்த்தினர். சற்று நேரத்தில் வலி தணிந்தது. விரல்களுக்கு நிறமும் உணர்வும் திரும்பின.

இந்த அறிகுறிகள் எல்லாம் ஒன்றாகத் தோன்ற வேண்டும் என்பதில்லை. விரல்களின் நிறம் இயல்பாக இருந்தாலும், மருந்துக்கு அடங்காமல் வலி மட்டும் வளர்ந்துகொண்டே போனால், அதுவே மருத்துவமனைக்குச் செல்லப் போதுமான காரணமாகும்.