படிப்பு மேசைக்கு எத்தனை லூமன்?

மின்சாதனக் கடையில் போய்ப் படிப்பு மேசைக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்டால், "எத்தனை வாட்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். குண்டு பல்பு காலத்துப் பழக்கம் அது. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அது தரும் மொத்த வெளிச்சத்தை லூமன் என்ற கணக்கில் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் சுமார் 900 லூமன் இருக்கும்.

அந்த 900 லூமனும் புத்தகத்தின் மேல் விழுந்துவிடுவதில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். அலுவலகங்களில் எழுதவும் படிக்கவும் மேசை மேல் 500 லக்ஸ் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மாணவரின் மேசைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பத்தடிக்குப் பத்தடி அறை, சுவரில் 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட், சுமார் 2000 லூமன். நம் வீடுகளில் வழக்கமாகக் காண்பது இதுதான். அறை ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். வெளிச்சத்தில் பாதிக்கு மேல் சுவரிலும் கூரையிலும் போய்விடும். மேசைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 100 லக்ஸ். டியூப்லைட் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்தால், அவருடைய தலை நிழலே நோட்டில் விழுந்து அதையும் குறைத்துவிடும். மங்கலில் படிப்பதால் கண் நிரந்தரமாகக் கெட்டுவிடாது. ஆனால் எழுத்து தெளிவாகத் தெரியாததால் பிள்ளை குனிந்து, புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுவருவார். கிட்டப்பார்வைக்காகக் கண்ணின் தசை இறுகியே இருக்கும். நெற்றிவலியும் கண் உளைச்சலும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இதே மேசையில் 450 லூமன் தரும் மேசை விளக்கு ஒன்றை, தாளிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் கீழ்நோக்கி வைப்போம். விளக்குக்கு நேர் கீழே சுமார் 700 லக்ஸ் விழும். ஓர் அடி தள்ளி ஏறக்குறைய 340தான். டியூப்லைட்டின் 100ஐக் கூட்டினால் நடுவில் 800, ஓரத்தில் 440. அதே விளக்கை 60 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் நடுவில் 500, ஓரத்தில் 350. வெளிச்சம் குறைந்தாலும் மேசை முழுக்கச் சீராகப் பரவுகிறது. பாடப்புத்தகமும் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படிப்பவருக்கு, இந்த இரண்டு உயரங்களுக்கும் இடையே ஓரிடம் பொருத்தமாக இருக்கும். உயரத்தை மாற்ற முடியாத விளக்கை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

400 முதல் 600 லூமன் போதும் என்று சொல்வது இதனால்தான். 900 லூமன் பல்பை அதே 45 சென்டிமீட்டரில் மாட்டினால் தாளின் நடுவில் 1400 லக்ஸ் அடிக்கும். வழவழப்பான தாள் பளபளத்து எழுத்தை மறைக்கும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு மேசை விளக்கில் மட்டும் படிப்பதும் தவறு. தாள் பிரகாசமாகவும் சுற்றுப்புறம் இருட்டாகவும் இருந்தால், தலையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கண் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும். இரண்டும் எரியட்டும். வலது கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் கை நிழல் எழுத்தில் விழாது. பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மூடி இருப்பதும் அவசியம்.

அடுத்தது நிறம். பெட்டியில் கெல்வின் என்ற அளவில் இருக்கும். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 4000 நடுநிலை வெள்ளை. 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கையில் எடுத்துக் கொடுப்பது 6500தான். போதிய வெளிச்சம் இருந்தால் மஞ்சளானாலும் வெள்ளையானாலும் எழுத்து தெளிவாகவே தெரியும். நிறத்தால் மட்டும் கண் களைத்துவிடுவதில்லை. தூக்கம்தான் பாதிக்கப்படும். விழித்திரையில் நீல ஒளிக்கு எளிதில் தூண்டப்படும் சில செல்கள், இது பகல் என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. அதனால் மாலைப் படிப்புக்கு 4000, இரவு ஒன்பது மணிக்கு மேல் 3000 என்று மாற்றிக்கொள்ளும் விளக்கு நல்லது. ஒரே நிறம்தான் கிடைக்கும் என்றால் 4000 எடுங்கள். தூங்கப்போகும் முன் கடைசி ஒரு மணி நேரம் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள்.

லூமனும் கெல்வினும் சரியாக இருந்தும் கண் வலித்தால், விளக்கின் துடிப்பைச் சந்தேகிக்கலாம். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சில, நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி தரும். செல்போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கருகே பிடித்துப் பாருங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடினாலோ, வெளிச்சம் படபடத்தாலோ அந்த விளக்கை மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் வலி தொடர்ந்தால் பிள்ளையைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். கண்ணாடி தேவைப்படும் கண்ணுக்கு எந்த விளக்கும் ஈடாகாது.